தனிப்பயணப் படங்களுக்குக் குறிப்பு எழுதுவது எப்படி: மலையகத்துக்குப் போய்வந்தவர்களுக்கு

மலையகத்திற்கு முதன்முறையாகத் தனியே போய்வந்த ஒருவர் தம் படங்களுக்குக் குறிப்பு எழுத உட்காரும்போது, கை தானாகவே இடப்பெயரைத்தான் முதலில் எழுதும். "எல்ல, காலை 6 மணி" என்று எழுதிவிட்டால் பாதி வேலை முடிந்துவிட்டதுபோல இருக்கும். ஆனால் அந்தப் பெயரும் நேரமும் வாசிப்பவருக்கு உங்களைப் பற்றி எதையும் சொல்வதில்லை. உங்களைத் தேடுகிறவர் எவரேனும் இருந்தால் அவருக்கு மட்டும் நிறையச் சொல்கின்றன. மனதில் பட்டதை உள்ளபடி எழுதவும் வேண்டும், எங்கே தங்கினோம், எந்த வழியில் நடந்தோம் என்பது வெளியே போகவும் கூடாது என்றால் என்ன செய்வது என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

மலையகத்தில் இந்த எச்சரிக்கை கொஞ்சம் கூடுதலாகவே தேவைப்படுகிறது. கண்டியைத் தாண்டிப் பதுளை வரை செல்லும் புகையிரதப் பாதை ஒன்றுதான். அதில் பகலில் ஓடும் வண்டிகள் சிலவே. அவற்றின் நேர அட்டவணையை எவரும் பார்க்கலாம். தேயிலைத் தொழிற்சாலைகள் பலவற்றின் சுவரிலோ கூரையிலோ தோட்டத்தின் பெயர் தூரத்திலிருந்தே வாசிக்கக்கூடிய பெரிய எழுத்தில் இருக்கும். மலைகளும் அப்படித்தான், சிவனொளிபாதமலையின் கூம்பை ஒருமுறை பார்த்தவர் அதை எந்தப் படத்தின் மூலையிலும் அடையாளம் கண்டுகொள்வார். கொழும்பின் ஒரு தெருவைக் கண்டுபிடிக்கப் பல தடயங்கள் தேவைப்படும். இங்கே இரண்டு மூன்றே போதும்.

பயணத்தில் இருக்கும்போது

முதல் வேலை எழுதாமல் இருப்பது. அதாவது, பயணம் முடியும்வரை எதையும் வெளியிடாமல், கைபேசியின் குறிப்பேட்டில் மட்டும் எழுதிவைப்பது. ஒரு நாளில் மறைந்துவிடும் ஸ்டோரிதானே என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் ஆபத்து என்று பார்த்தால், நீங்கள் இப்போது எங்கே இருக்கிறீர்கள் என்பதைச் சொல்லும் அந்த ஒரு நாள்தான் முக்கியமான நாள். வீட்டாருக்குத் தெரிய வேண்டும் என்றால் தங்குமிடத்தின் பெயர், உரிமையாளரின் தொலைபேசி இலக்கம், அடுத்த நாள் ஏறப்போகும் வண்டி ஆகியவற்றை அம்மாவுக்கோ ஒரு தோழிக்கோ தனிச் செய்தியாக அனுப்பிவிடலாம். அந்த விவரங்கள் போய்ச்சேர வேண்டிய இடம் அதுதான்.

இரவில் குறிப்பேட்டைத் திறந்து, அன்றைய படங்களில் பிடித்த ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி எழுதுங்கள். அந்த வரியில் படத்தில் தெரியாத ஒன்று இருக்கட்டும்: அப்போது கேட்ட சத்தம், யாரோ சொன்ன ஒரு வசனம், பையில் கை வைத்துப் பார்த்த அந்தப் பதற்றம். மலையும் பனியும் படத்திலேயே இருக்கின்றன. அவற்றை மறுபடியும் சொல்ல வேண்டியதில்லை. ஊர் திரும்பி ஒரு வாரம் கழித்து எழுத உட்காரும்போது மறந்துபோயிருப்பவை இந்தச் சிறு விஷயங்கள்தான், ஆகவேதான் இந்த ஒரு வரியில் இவ்வளவு அக்கறை.

புறப்படுமுன் கமராவின் அமைப்புக்குள் சென்று, படத்தோடு இடத்தைச் சேமிக்கும் வசதியை நிறுத்திவிடுவதும் நல்லது. ஐபோனில் Settings, Privacy & Security, Location Services, Camera என்ற வழியில் அது இருக்கிறது; ஆண்ட்ராய்ட் கைபேசிகளில் பெரும்பாலும் கமரா செயலியின் அமைப்பிலேயே கிடைக்கும். நிறுத்த மறந்தவர்களும் பெரிதாகக் கலங்க வேண்டியதில்லை. பேஸ்புக்கும் இன்ஸ்டகிராமும் மற்றவர்களுக்குக் காட்டும் பிரதியிலிருந்து அந்த இடக்குறியை நீக்கிவிடுகின்றன. வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பும்போதும் அது போய்விடுகிறது. ஆனால் தரம் குறையக்கூடாது என்பதற்காக அதே படத்தைக் கோப்பாக அனுப்பினால், இடக்குறி அப்படியே கூடச் செல்லும். படங்களைக் கேட்டு வாங்குகிறவர்களுக்கு நாம் வழக்கமாக அனுப்புவது அந்த முறையில்தான் என்பதைக் கவனத்தில் வையுங்கள்.

குறிப்புக்கு முன் படத்தைப் பார்த்தல்

எழுத்தில் எவ்வளவு அடக்கமாக இருந்தாலும் படம் உளறிவிட்டால் பயனில்லை. ஒவ்வொரு படத்தையும் பெரிதாக்கி, முகத்தை விட்டுவிட்டு ஓரங்களைப் பாருங்கள். தங்குமிடத்தின் பெயர்ப்பலகை, சாவியில் தொங்கும் அறை இலக்கம், சுவரில் ஒட்டியிருக்கும் வைஃபை கடவுச்சொல், முச்சக்கர வண்டியின் இலக்கத் தகடு ஆகியவை எல்லாம் ஓரங்களில்தான் இருக்கும். கண்ணாடிச் சன்னல் அருகே எடுத்த படமாக இருந்தால் பிரதிபலிப்பையும் பாருங்கள்.

பயணச்சீட்டைக் கையில் பிடித்து, பின்னால் பச்சை மலை மங்கலாகத் தெரியும்படி எடுக்கும் படம் ஒன்று உண்டு. அதை எடுக்காதவரே இல்லை எனலாம். இருக்கை முன்பதிவு செய்த சீட்டாக இருந்தால், அதில் பயணத் திகதியும் இருக்கை இலக்கமும் இருக்கும். அடையாள அட்டை இலக்கமும் அச்சாகியிருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். இலங்கை அடையாள அட்டை இலக்கம் வெறும் இலக்கம் அன்று. புதிய பன்னிரண்டு இலக்க எண்ணின் முதல் நான்கு இலக்கங்கள் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்று, அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் பிறந்தீர்கள் என்பது. பெண்களுக்கு அந்த மூன்று இலக்கத்தோடு 500 கூட்டப்பட்டிருக்கும். பழைய ஒன்பது இலக்க எண்ணிலும் இதே ஒழுங்குதான், ஆண்டுக்கு மட்டும் இரண்டு இலக்கங்கள். ஆக, சீட்டைக் காட்டும் படம் உங்கள் பிறந்தநாளையும் காட்டக்கூடும். சீட்டின் நிறமும் ஓரமும் தெரிந்தால் போதும் என்றால் எண்கள் உள்ள பகுதியை வெட்டிவிடுங்கள். மங்கலாக்குவதைவிட வெட்டுவது உறுதியானது.

மூன்று கட்டாகப் பிரித்தல்

பார்த்து முடித்த படங்களை மூன்று கட்டாகப் பிரிக்கலாம். பெயர் சொல்லக்கூடியவை முதல் கட்டு. தெமோதரைக்கும் எல்லவுக்கும் இடையிலுள்ள ஒன்பது வளைவுப் பாலம், நுவரெலியாவின் கிரகரி வாவி, ஹோட்டன் சமவெளியின் உலக முடிவு போன்றவற்றுக்கு நாள்தோறும் கூட்டம் வருகிறது. நீங்கள் அங்கே ஒருமுறை நின்றீர்கள் என்பதால் எவருக்கும் எந்தத் துப்பும் கிடைத்துவிடாது. இவற்றின் பெயரை மறைப்பது தேவையற்ற பாவனை. படத்தைப் பார்த்தாலே தெரிகிற ஒன்றை மறைத்தால் வாசிப்பவருக்கு எரிச்சல்தான் வரும்.

இரண்டாவது கட்டுக்குப் பிரதேசத்தின் பெயர் மட்டும் போதும். "ஊவா மலைப்பக்கம்", "ஹட்டனுக்கும் நானுஓயாவுக்கும் இடையில் எங்கேயோ" என்பதுபோல. ஓடும் வண்டியிலிருந்து எடுத்த படங்கள், தெருவோரக் கடைகள், பெயர் தெரியாத சிறு அருவிகள் இதில் சேரும். மூன்றாவது கட்டுக்கு எந்த இடக்குறிப்பும் கூடாது. நீங்கள் உறங்கிய வீடு, மீண்டும் மீண்டும் நடந்த வழி, துணையின்றி ஆளரவமற்ற இடத்தில் நின்ற வேளை, பிறருடைய வீட்டு வாசல் ஆகியவை இந்தக் கட்டு. இவற்றை வெளியிடலாம், இவற்றைப் பற்றி மனம் திறந்து எழுதவும் செய்யலாம், எங்கே என்பது மட்டும் வேண்டாம்.

பெயரைச் சொல்லாமலேயே பெயரைச் சொல்லிவிடுவதும் நடக்கும். பட்டிப்பொல நிலையத்துக்குப் பக்கத்தில் 6226 அடி என்று எழுதிய பலகை இருக்கிறது. இலங்கைப் புகையிரதப் பாதையின் மிக உயரமான புள்ளி அது. "ஆறாயிரத்து இருநூற்று இருபத்தாறு அடியில் ஒரு தேநீர்" என்று நீங்கள் அழகாக எழுதினால், அந்த எண்ணைத் தேடுபொறியில் இட்ட மறுகணமே இடம் வந்து நிற்கும். இதல்கஸ்ஹின்ன நிலையம் இன்னொரு உதாரணம். இரண்டு பக்கமும் மலை சரிந்து பள்ளத்தாக்கு தெரியும் நிலையம் என்று வருணித்தால், அந்தப் பாதையில் போய்வந்தவர்கள் வேறொன்றை நினைக்க மாட்டார்கள். அந்த நிலையத்தில் நீங்கள் வெறுமனே கடந்துபோனவர் என்றால் இதில் தீங்கில்லை. அதன் அருகிலேயே தங்கினீர்கள் என்றால் அந்த வருணனையும் மூன்றாவது கட்டுக்குரியதே.

ஒரு தொகுதியைத் திருத்திப் பார்த்தல்

கொழும்பில் வேலை செய்யும் என் சித்தியின் மகள், தனியே போய்வந்த படங்களுக்கு எழுதிய குறிப்புகளை வெளியிடுமுன் எனக்கு அனுப்பினாள். ஏழு படங்கள். அவற்றை அவள் அனுமதியோடு இங்கே எடுத்துக்கொள்கிறேன். முதல் எழுத்தில் அவை இப்படி இருந்தன.

வண்டியின் சன்னலோரம்: "உடரட்ட மெனிக்கே. முதல் தடவை தனியாக. எல்லவில் இறங்கப் போகிறேன்." பாலம்: "ஒன்பது வளைவுப் பாலம். சொல்ல வார்த்தை இல்லை." விறாந்தையும் தேநீர்க் கோப்பையும்: "நான் தங்கிய வீடு. பாலத்தில் வண்டி போகும் சத்தம் இங்கே வரை கேட்கும். மேல்மாடியில் நான் மட்டும்தான்." தேயிலைக்கு நடுவே ஒற்றையடிப் பாதை: "தினமும் விடியற்காலை இந்த வழியில்தான் நடந்தேன். கீழே கோயில், மேலே தொழிற்சாலை." வண்டியில் வாங்கிய இறால் வடை: "இதற்காகவே இன்னொரு முறை போகலாம்." கொழுந்து பறிக்கும் வயதான பெண் ஒருவரின் முகம்: தோட்டத்தின் பெயர், அவருடைய பெயர், கங்காணி கொழுந்து நிறையில் எவ்வளவு வெட்டுகிறார் என்று அவர் சொன்ன குறை. கடைசியாக, பனி படிந்த இரவுச் சன்னல்: "இரவில் பயமாக இருந்தது. கதவுப் பூட்டு சரியாக விழவில்லை."

தனித்தனியாக வாசித்தால் ஒன்றிலும் முகவரி இல்லை. சேர்த்து வாசித்தால் கதை வேறு. வண்டி போகும் சத்தம் கேட்கும் தூரம் என்றதும் பாலத்தைச் சுற்றி ஒரு சிறு வட்டம் விழுகிறது. அந்த வட்டத்துக்குள் கீழே கோயிலும் மேலே தொழிற்சாலையும் உள்ள சரிவு எது என்று செய்மதிப் படத்தில் பார்க்க அதிக நேரம் ஆகாது. விறாந்தையின் கைப்பிடிக் கம்பியும் தரை ஓடும் படத்தில் தெளிவாக இருக்கின்றன. தங்குமிடங்களை முன்பதிவு செய்யும் தளங்களில் அதே விறாந்தையை உரிமையாளரே வெவ்வேறு கோணங்களில் படம் எடுத்துப் போட்டிருப்பார். வீடு தெரிந்துவிட்டது. மேல்மாடியில் அவள் மட்டும்தான் என்பதும் பூட்டு விழாது என்பதும் விடியற்காலையில் எந்த வழியில் நடப்பாள் என்பதும் அவளே எழுதியவை.

"அதுதான் வந்துட்டேனே அக்கா, இனி என்ன?" என்று கேட்டாள். நியாயமான கேள்விதான். வந்துவிட்டபடியால் பெரும்பகுதி ஆபத்து கழிந்துவிட்டது என்பதும் உண்மை. ஆனால் அடுத்த நீண்ட விடுமுறைக்கும் அதே வீட்டுக்குப் போவதாக அவளே சொல்லியிருந்தாள். தவிர, அந்த மேல்மாடி அறையில் அடுத்த வாரம் தனியாகத் தங்கப்போகிற வேறொரு பெண் இருக்கலாம். பூட்டு அவளுக்கும் விழாது. பூட்டைப் பற்றிய குறை சேர வேண்டியது உரிமையாளரிடமும் முன்பதிவு செய்த தளத்திலும்தான். படக்குறிப்பில் எழுதினால் பூட்டைத் திருத்துபவர் வாசிப்பாரோ இல்லையோ, வேறு யாரோ வாசிப்பார்.

திருத்தும்போது நான் அவளிடம் முதலில் தேடச் சொன்னவை இடப்பெயர்களை அல்ல. "கீழே", "மேலே", "பக்கத்தில்", "எதிரே", "இத்தனை நிமிட நடை", "இங்கிருந்து கேட்கும்" என்று ஒரு பொருளை இன்னொன்றோடு கட்டும் சொற்களைத் தேடச் சொன்னேன். ஊர்ப்பெயரை நீக்க எல்லோருக்கும் தெரியும். இந்தச் சொற்கள்தாம் கவனத்துக்குத் தப்பும், வரைபடம் வரைவதும் இவைதாம். அடுத்து "தினமும்", "வழக்கமாக", "எப்போதும்" என்று பழக்கத்தைச் சொல்லும் சொற்கள். அதற்கடுத்து எதிர்காலத்தில் முடியும் வினைகள்: இறங்கப் போகிறேன், தங்குவேன், மீண்டும் வருவேன். இந்த மூன்று வகையையும் அடிக்கோடிட்டால் ஒரு குறிப்பில் மாற்ற வேண்டியது எது என்பது தானே தெரிந்துவிடும்.

"இதையெல்லாம் எடுத்தா மிச்சம் என்ன இருக்கு?" என்பது அவளுடைய அடுத்த கேள்வி. மிச்சம் இருந்தது அவளுடைய குறிப்பேட்டில். அங்கே எழுதிவைத்திருந்த ஒற்றை வரிகளை எடுத்து, ஒவ்வொன்றாக விரித்தோம். சன்னலோரப் படத்துக்கு இப்போது இப்படி வந்தது:

"பெட்டியில் எல்லோரும் யாரோ ஒருவரோடு பேசிக்கொண்டிருந்தார்கள். இருக்கை மாறிக் கொடுங்கள் என்று யாராவது கேட்பார்கள் என்று காத்திருந்தேன், ஒருவரும் கேட்கவில்லை. நாவலப்பிட்டி தாண்டிய பிறகுதான் பையை மடியிலிருந்து இறக்கி வைத்தேன்."

நாவலப்பிட்டி இதில் இருக்கலாம். கடந்துபோன ஊர் அது, இறங்கிய ஊர் அல்ல. பயம் எப்போது தளர்ந்தது என்பதற்கு ஓர் ஆதாரமாகவும் அந்தப் பெயர் நிற்கிறது. வண்டியின் பெயரை மட்டும் எடுத்துவிட்டோம். வண்டிப் பெயரையும் ஒரு ஊரையும் சேர்த்தால் நேர அட்டவணையிலிருந்து மணி தெரிந்துவிடும் என்பது ஒரு காரணம். குறிப்புக்கு அது தேவைப்படவில்லை என்பது இன்னொன்று.

பாலத்தின் பெயர் அப்படியே இருந்தது, "சொல்ல வார்த்தை இல்லை" என்பது போனது. வார்த்தை இல்லை என்று எழுதுகிறவர் குறிப்பு எழுதாமலே விட்டுவிடலாம். அதற்குப் பதிலாக: "ஒன்பது வளைவுப் பாலம். இந்தப் படத்துக்கு வெளியே பெரிய கூட்டம் நிற்கிறது. என்னை ஒரு படம் எடுத்துத் தாருங்கள் என்று முன்பின் தெரியாத ஒருவரிடம் கேட்க எனக்கு ஆன நேரம், பாலத்தைப் பார்த்த நேரத்தைவிட அதிகம்." 1921இல் கட்டி முடிக்கப்பட்டது, இரும்பு இல்லாமல் கல்லாலும் செங்கல்லாலும் சீமெந்தாலும் ஆனது என்பன போன்ற தகவல்களையும் சிலர் சேர்ப்பார்கள். சேர்ப்பதில் தவறில்லை, ஆனால் அவை எங்கும் கிடைக்கும். கேட்கத் தயங்கிய அந்த நேரம் இவள் ஒருத்தியிடம் மட்டும்தான் கிடைக்கும்.

விறாந்தைப் படத்தில் கைப்பிடிக் கம்பியும் தரையும் வெட்டப்பட்டு, கோப்பையும் பனியும் மட்டும் மிஞ்சின. குறிப்பு: "எங்கே போகிறாய், எப்போது வருவாய் என்று கேட்க ஒருவரும் இல்லாத முதல் மாலை. தேநீர் ஆறும்வரை குடிக்கவில்லை. பிடித்திருக்கிறது என்று எனக்கு நானே ஒப்புக்கொள்ளக் கொஞ்சம் நேரம் எடுத்தது." தனியாக இருந்தாள் என்பது இதிலும் இருக்கிறது. தனிப்பயணத் தொகுதியில் அதை மறைக்கவும் முடியாது, மறைக்கத் தேவையும் இல்லை. ஆனால் அது முடிந்துபோன ஒரு மாலையோடு மட்டும் கட்டப்பட்டிருக்கிறது. எந்த அறை, எந்த மாடி, நாளைக்கும் அப்படித்தானா என்பவற்றுக்கு அதில் விடை இல்லை.

ஒற்றையடிப் பாதைக்கு எழுதியதில் எனக்கு மிகவும் பிடித்தது இது: "எதிரே வந்தவர்கள் எல்லோரும் 'தனியாவா வந்தீங்க?' என்று கேட்டார்கள். இல்லை, பின்னால் வருகிறார்கள் என்றேன். பின்னால் ஒருவரும் வரவில்லை. சொல்லிச் சொல்லி, யாரோ வருவதுபோலவே நடந்தேன்." வழியில் அப்படிச் சொன்னது புத்திசாலித்தனம், பிறகு அதை எழுதியது நேர்மை. கோயிலும் தொழிற்சாலையும் இல்லாமலே பாதை கண்முன் நிற்கிறது.

இரவுச் சன்னலுக்கு: "பூட்டியிருக்கிறதா என்று எழுந்து எழுந்து பார்த்தேன். வீட்டில் அதை அம்மா செய்வார். அப்படி ஒரு வேலை இருப்பதே எனக்குத் தெரியாது." பூட்டு கெட்டிருந்தது என்ற தகவல் போய்விட்டது. பயம் அப்படியே இருக்கிறது; முன்னைவிட ஆழமாகவும் இருக்கிறது என்று சொல்வேன். வடைக்கு எழுதியதை நாங்கள் தொடவில்லை. எல்லாக் குறிப்பும் மனதைத் தோண்ட வேண்டியதில்லை. ஏழில் ஒன்றாவது வடையைப் பற்றி இருக்கட்டும்.

மற்றவர்களின் முகம்

கொழுந்து பறிக்கும் பெண்ணின் படத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் ஆபத்து எழுதியவளுக்கு இல்லை. பயணி இரண்டு நாளில் போய்விடுவார். அந்தப் பெண் அதே தோட்டத்தில், அதே லயத்தில், அதே கங்காணியின் கீழ் நாளைக்கும் மலைக்கு ஏற வேண்டியவர். முகம், பெயர், தோட்டம், கங்காணியைப் பற்றிய குறை ஆகிய நான்கும் ஒரே இடத்தில் இருந்தால், அது தோட்டத்து ஆட்களின் கைபேசிக்குப் போய்ச்சேர ஒரு நாள் போதும். எத்தனையாம் இலக்க மலை, எந்த டிவிஷன் என்பதுகூட உள்ளூரில் உள்ளவருக்கு ஆளைக் காட்டிக்கொடுக்கும். படம் எடுக்க அவர் சம்மதித்திருக்கலாம். தான் சொன்னதை எழுதச் சம்மதித்தாரா என்பது வேறு கேள்வி.

நிறை வெட்டுவதைப் பற்றி எழுதுவது அவசியம் என்று நினைத்தால், படமும் பெயரும் இல்லாமல், எந்தத் தோட்டம் என்று தெரியாதபடி வேறொரு சந்தர்ப்பத்தில் எழுதலாம். இந்தத் தொகுதிக்கு அவள் எடுத்திருந்த இன்னொரு படத்தைத் தெரிவு செய்தோம்: கைகள் மட்டும், விரல்களில் தேயிலைக் கறை, மேலே இரண்டு இலையும் ஒரு மொட்டும். குறிப்பு: "'வீட்டுல விட்டுட்டாங்களா புள்ள?' என்று கேட்டார். விட்டுவிட்டார்கள் என்றேன். நான் கேட்டுவிட்டு வரவில்லை, சொல்லிவிட்டு வந்தேன் என்பதை அவரிடம் சொல்லவில்லை." உரையாடலில் அவருக்குத் தீங்கு செய்யக்கூடியது எதுவும் இல்லை, ஆனால் அவர் அதில் இருக்கிறார்.

பாடசாலைப் பிள்ளைகளின் படங்களுக்கும் இதே கவனம் வேண்டும். வெள்ளைச் சீருடைக்கு மேலே அணியும் கழுத்துப்பட்டியின் நிறமும் சின்னமும் பாடசாலையைச் சொல்லிவிடும். லயத்து வாசலில் விளையாடும் குழந்தைகள் எவ்வளவு அழகாக இருந்தாலும், பெற்றோரிடம் கேட்காத படம் என்றால் அது உங்கள் கைபேசியிலேயே இருக்கட்டும்.

வெளியிடுதல்

குறிப்புகளை நேரடியாகச் செயலிக்குள் எழுதாமல், வேறிடத்தில் எழுதி முடித்து ஒட்டுவதே பாதுகாப்பு. பேஸ்புக்கில் வெளியிட்ட பின் திருத்தினால் பழைய வடிவம் திருத்த வரலாற்றில் நின்றுவிடும்; ஊர்ப்பெயரை அவசரமாக நீக்கினாலும், பார்க்க நினைப்பவர் அங்கே போய்ப் பார்ப்பார். அப்படி ஏதேனும் தவறியிருந்தால் திருத்துவதைவிட அழித்துவிட்டு மீண்டும் இடுவது நல்லது.

எந்தத் தளம் என்பது எழுத்தின் வடிவத்தையும் மாற்றும். பேஸ்புக் அல்பத்தில் ஒவ்வொரு படத்துக்கும் தனிக் குறிப்பு எழுதலாம், ஆகவே மேலே பார்த்தவை அங்கே அப்படியே பொருந்தும். இன்ஸ்டகிராமில் பல படங்களை ஒன்றாக இட்டால் எல்லாவற்றுக்கும் ஒரே குறிப்புத்தான். எல்லை 2200 எழுத்துக்குறிகள். தமிழில் ஒரு எழுத்து பல வேளை இரண்டாக எண்ணப்படுவதால் அந்த எல்லை நினைப்பதைவிட முன்பே வந்துவிடும். அங்கே ஏழு குறிப்புகளையும் இலக்கமிட்டு அடுக்குவதைவிட, இரண்டு மூன்றை எடுத்து ஒரு பந்தியாகக் கோப்பது வாசிக்க இதமாக இருக்கும். தொடக்க வரி மட்டும்தான் விரிக்காமலே தெரியும் என்பதால், பையை மடியிலிருந்து இறக்கியதைப் போன்ற ஒன்றை அங்கே வையுங்கள். இடத்தைச் சேர்க்கும் கட்டத்தை வெறுமையாக விடலாம். ஏதாவது போட வேண்டும் என்றால் "இலங்கை" போதும். படங்களின் வரிசையையும் ஒருமுறை குலைத்துப் பாருங்கள். பயணித்த வரிசையிலேயே அடுக்கினால் எந்த ஊருக்குப் பின் எங்கே தங்கினீர்கள் என்பது தெரிந்துவிடும். முதலில் பயம், பிறகு சிரிப்பு, பிறகு வடை என்று மனநிலையின் வரிசையில் அடுக்கினால் அந்த நூல் அறுந்துவிடும், தொகுதியும் பெரும்பாலும் அதனால் மெருகேறும்.

வெளியிட்ட பின் எல்லோரும் கேட்கப்போவது "இது எங்கே?" என்றுதான். முதல் கட்டுப் படம் என்றால் பெயரைச் சொல்லிவிடுங்கள். மற்றவற்றுக்கு "ஊவாப் பக்கம்" என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம்; அதற்கு மேல் விளக்கம் சொல்லவோ மன்னிப்புக் கேட்கவோ வேண்டியதில்லை. உங்களுக்காக உற்சாகத்தோடு பதில் சொல்லிவிடும் உறவினர்கள் இருப்பார்கள். "இது நம்ம மாமா ஊருக்குப் பக்கம்" என்று ஒருவர் எழுதினால் அந்தப் பதிலை நீக்கிவிட்டு, அவருக்குத் தொலைபேசியில் காரணத்தைச் சொல்லுங்கள். தங்கிய வீட்டின் தொடர்பு வேண்டும் என்று தனியே கேட்பவர் தெரிந்தவராக இருந்தால், வீட்டு உரிமையாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு இலக்கத்தைக் கொடுக்கலாம். பூட்டு திருத்தப்பட்டதா என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.